நெற்றியில் பிடித்த ஷம்பூ டை

கேள்வி: திருகோணமலை சந்தைப் பக்கத்துக் கடையில் கறுப்பு ஷம்பூ டை பக்கெட் ஒன்று வாங்கிப் போட்டேன். முடி கறுத்தது, நெற்றியும் காதும் விரல்களும் சேர்ந்து கறுத்துவிட்டன. சவர்க்காரம் போட்டும் போகவில்லை. மூன்று கிழமையில் அடியில் நரையும் தெரிகிறது. சாமான் போலியா?

பதில்: இந்த இரண்டை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. நல்ல டையும் இதையே செய்யும்.

பக்கெட்டில் இரண்டு அறைகள் இருக்கும். ஒன்றில் சாயத்தின் மூலப்பொருளும் காரமும், மற்றதில் ஐதரசன் பெரொக்சைட்டும். மூலப்பொருள் பெரும்பாலும் பீபீடி எனப்படும் பரா-பினைலின்டையமின். அதற்குத் தனியே நிறமில்லை. இரண்டையும் கலந்ததும் காரம் முடியின் மேற்செதிலை விரிக்க, சிறிய மூலக்கூறுகள் உள்ளே போய், பெரொக்சைட்டால் ஒன்றோடொன்று இணைந்து பெரிய கறுப்பு மூலக்கூறாகின்றன. வந்த வழியே அவற்றால் வெளியேற முடியாது.

தோலின் மேற்படையும் முடியைப் போலக் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனதுதான். அங்கேயும் இதே வேலை நடக்கிறது. அதிலும் ஷம்பூ டை நுரைத்து வழிகிறது, தோலின் எண்ணெயையும் கழுவிவிடுகிறது. வழியும்போது நுரை வெளிறித்தான் இருக்கும், அதனால் யாரும் துடைப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் கறுக்கும்போது சாயம் உள்ளே இறங்கிவிட்டிருக்கும். சவர்க்காரம் மேலே கிடப்பதைத்தான் கழுவும்.

இப்போது தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள். கொஞ்சம் மங்கும். மிச்சம், தோல் உதிர உதிரச் சில நாட்களில் போய்விடும். நகத்தில் பிடித்தது நகம் வளர்ந்தால்தான் போகும். மண்ணெண்ணெய், பிளீச், தேசிக்காய் எதுவும் வேண்டாம், தோல் புண்ணாகும்.

அடுத்த முறை, காய்ந்த தலையில், நெற்றி ஓரம், காது, பிடரி எங்கும் வாசலின் தடித்துப் பூசுங்கள், முடியில் படாமல். பட்ட முடியில் சாயம் ஏறாது. கையுறை கட்டாயம். வழிந்த நுரையை அந்தக் கணமே ஈரப்பஞ்சால் எடுங்கள். கலந்ததில் மிஞ்சியதை எறிந்துவிடுங்கள். போத்தலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கலாம், சாயமும் செத்துப்போகும். 25 மில்லிலீற்றர் பக்கெட் கட்டையான முடிக்குத்தான் காணும். தோள்வரை முடிக்கு ஒன்றை இழுத்துப் பூசினால் திட்டுத் திட்டாக நரை நிற்கும்.

அடியில் தெரிவது புது முடி. மாதம் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளரும் என்றால் மூன்று கிழமையில் 7 மில்லிமீற்றர் வெள்ளை. எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய டையும் இதைத் தடுக்காது. அந்த அடிப்பகுதிக்கு மட்டும் போடுங்கள். ஒவ்வொரு முறையும் முழு முடிக்கும் போட்டால் நுனி காய்ந்து முறியும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு 48 மணித்தியாலத்துக்கு முன், பக்கெட்டில் சொன்னபடி காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பாருங்கள். பலமுறை ஒத்துக்கொண்டவருக்கும் பீபீடி ஒருநாள் ஒவ்வாமையாகலாம். கடிக்கவோ சிவக்கவோ தொடங்கினால் அந்த டை உங்களுக்கு இனி இல்லை. தலையில் போட்டபின் கண்ணிமை வீங்கினால் நன்றாகக் கழுவி, அன்றே வைத்தியரிடம் போங்கள். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு. புருவத்துக்கும் இமைக்கும் இதை ஒருபோதும் போடவேண்டாம்.