பறித்தவன் உள்ளே, சுருட்டியவர் வெளியே

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 19 வயது. கத்தியைக் காட்டி செல்போன் பறித்தான் என்று பிடித்துப்போய் குண்டாஸ் போட்டுவிட்டார்கள். ஐந்து மாதமாகப் புழலில் இருக்கிறான். தீபாவளிச் சீட்டு நடத்தியவர் எங்கள் தெருவில் மட்டும் 34 பேரிடம், மாதம் 1,000 ரூபாய் வீதம் 12 மாதம் வாங்கிவிட்டுக் கடையைப் பூட்டிவிட்டார். வேறு ஏரியாக்காரர்கள் புகார் கொடுத்துக் கைதானவர், இருபதே நாளில் வெளியே வந்துவிட்டார். எங்கள் ஸ்டேஷனில் கேட்டால் "சிவில் மேட்டர்" என்கிறார்கள். அந்த 34 பேரையும் சேர்த்துவிட்டது நான்தான், கமிஷனும் வாங்கினேன். திருடனில் இவ்வளவு பாகுபாடா? நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்:

சகோதரி, முதலில் ஒரு விஷயம். அந்தப் பையனுக்கு இன்னும் யாரும் தண்டனை கொடுக்கவில்லை. சீட்டுக்காரரையும் எந்த நீதிமன்றமும் விடுதலை செய்யவில்லை. நீங்கள் பார்க்கிற வித்தியாசம் முழுக்கத் தீர்ப்புக்கு முன்னால் நடக்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சட்டப் புத்தகத்தைத் திறந்தால் அங்கே பாகுபாடு அவ்வளவாகத் தெரியாது. கத்திமுனையில் பறித்தால் அது கொள்ளை, அதிகபட்சம் 10 ஆண்டு. கத்தியில்லாமல் பிடுங்கிக்கொண்டு ஓடினால் அதிகபட்சம் 3 ஆண்டு. டெபாசிட் வாங்கி ஏமாற்றியவருக்குத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்பார்கள், கோர்ட்டில் டான்பிட் என்றால்தான் புரியும். அதிலும் 10 ஆண்டு வரை உண்டு. ஏட்டில் இருவரும் ஏறக்குறைய ஒரே தட்டில்தான் இருக்கிறார்கள்.

அப்புறம் எங்கே பிரிகிறது? முதல் பிரிவு குண்டாஸ். 1982-இல் வந்த அந்தச் சட்டம் தண்டனைச் சட்டம் அல்ல, தடுப்புக் காவல் சட்டம். இனிமேல் செய்யக்கூடும் என்ற காரணத்துக்காக, விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். சென்னையில் அந்த உத்தரவில் கையெழுத்துப் போடுவது நீதிபதி அல்ல, காவல் ஆணையர். ஏற்கெனவே ஜெயிலில் இருப்பவன் மேலும் போடலாம். "ஜாமீனில் வெளியே வர வாய்ப்பு உள்ளது" என்பதே அதற்குக் காரணமாக எழுதப்படும்.

அதே சட்டத்தை ஏன் சீட்டுக்காரர் மேல் போடவில்லை என்று கேட்பீர்கள். சட்டத்தின் சொற்படி பார்த்தால், திரும்பத் திரும்ப மோசடி செய்பவரும் அந்த வரையறைக்குள் வரக்கூடும். ஆனால் 'பொது ஒழுங்கு' கெடுகிறது என்று காட்ட வேண்டும். பட்டப்பகலில் ஒருவன் கத்தியை எடுத்தால் கடைக்காரர் ஷட்டரை இறக்குகிறார், பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் ஓடுகிறார்கள். அதை உத்தரவில் இரண்டு வரியில் எழுதிவிடலாம். சீட்டுக்காரர் ஏமாற்றியபோது யாரும் ஓடவில்லை. அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதார்கள். தெலங்கானா மாநிலம் தன் தடுப்புக் காவல் சட்டத்தில் பொருளாதாரக் குற்றவாளிகளையும் பெயர் சொல்லியே சேர்த்தது. ஆனால் பங்குச் சந்தையில் பணம் போட்டுத் தருவதாக ஏமாற்றினார் என்று அங்கே ஒருவரைத் தடுப்புக் காவலில் வைத்தபோது, 2021-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பலரை ஏமாற்றியிருக்கலாம், அதற்கு வழக்கு நடத்துங்கள், ஜாமீனை ரத்து செய்யக் கேளுங்கள், இது பொது ஒழுங்குப் பிரச்சினை ஆகாது என்பதுதான் அதன் சாரம். அந்தத் தீர்ப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். என் வருத்தமெல்லாம், அதே அளவுகோலை அந்த 19 வயதுப் பையனுக்கு ஆரம்பத்திலேயே யாரும் வைத்துப் பார்ப்பதில்லை என்பதுதான்.

இரண்டாவது பிரிவு ஜாமீன். ஒரு நாள் எழும்பூர் நீதிமன்றத்தில் அடுத்தடுத்து இரண்டு மனுக்கள் வந்தன, நான் அங்கே இருந்தேன். முதல் மனு பண மோசடி வழக்கு. வக்கீல் எழுந்து, "ஆவணங்கள் எல்லாம் போலீஸ் கையில் இருக்கின்றன, என் கட்சிக்காரருக்குச் சொந்த வீடு இருக்கிறது, பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிடுகிறார்" என்றார். மூன்றுமே உண்மை. ஜாமீன் கிடைத்தது, ஜாமீன்தாரர்கள் சொத்துவரி ரசீதோடு வாசலிலேயே தயாராக நின்றார்கள். அடுத்தது ஒரு திருட்டு வழக்கு. அந்தப் பையனுக்கும் ஜாமீன் கிடைத்தது, இரண்டு பேர் ஜாமீன் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவன் அம்மா கையில் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு, "யார் சார் எங்களுக்குக் கையெழுத்துப் போடுவாங்க?" என்று கோர்ட் ஊழியரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே உத்தரவுதான். ஒருவர் அன்று மாலையே வீட்டுக்குப் போனார். பையன் போகவில்லை.

இன்னொன்றும் சேர்கிறது. கைதான 60 நாளில், பெரிய குற்றம் என்றால் 90 நாளில், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை ஆகிவிடும். செல்போன் வழக்கில் ஒரு புகார், ஒரு சிசிடிவி பதிவு, பறிமுதல் செய்த போன், அவ்வளவுதான். சீட்டு வழக்கில் ஆயிரக்கணக்கான ரசீதுகள், பத்துப் பதினைந்து வங்கிக் கணக்குகள், பணம் யார் பெயருக்குப் போனது என்ற நீண்ட கணக்கு. அதை 60 நாளில் முடிப்பது சுலபமில்லை. குற்றம் பெரிதாகப் பெரிதாக வழக்கு மெதுவாக நகர்கிறது.

"சிவில் மேட்டர்" என்பதற்கும் ஒரு வேர் இருக்கிறது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதது மட்டுமே மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. "தொழிலில் நஷ்டம் சார்" என்று சீட்டுக்காரர் சொன்னால், பழைய மோசடிப் பிரிவில் அது ஒரு பதிலாக நிற்கும். டான்பிட் சட்டம் வந்ததே இதற்காகத்தான். டெபாசிட் வாங்கினார், சொன்ன தேதியில் பணமாகவோ பொருளாகவோ தரவில்லை என்பதே அதில் குற்றத்தின் மையம். தீபாவளிக்குத் தங்கக் காசும் பட்டாசும் ஸ்வீட்டும் தருகிறேன் என்று மாதாமாதம் வாங்கியதும் அதில் வரும். உங்கள் ஸ்டேஷனில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

தீர்ப்பு வந்தாலும் கதை அதோடு முடிவதில்லை. திருப்பூர் பாசி நிறுவன வழக்கில் 900 கோடி ரூபாய்க்கு மேல் மோசடி. 2022-இல் கோவை சிறப்பு நீதிமன்றம் 27 ஆண்டு சிறை விதித்தது. கடுமையான தண்டனைதான், ஆனால் மோசடி வெளிவந்து 13 ஆண்டுக்குப் பிறகு. சத்யம் நிறுவனத் தலைவர் 2009 ஜனவரியில் கணக்கைத் திரித்ததைத் தானே எழுதி ஒப்புக்கொண்டார். 2015 ஏப்ரலில் 7 ஆண்டு தண்டனை, அடுத்த மாதமே மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது. ஒப்புக்கொண்ட வழக்குக்கே இந்த வேகம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சீட்டுக்காரர் உள்ளே போக வேண்டும் என்பதைவிட, அவர் சொத்து முடங்க வேண்டும் என்பதில் குறியாக இருங்கள். அவர் வெளியே இருக்கும் ஒவ்வொரு வாரமும் ஒரு மனை மைத்துனர் பெயருக்குப் போகலாம். டான்பிட் சட்டப்படி அரசு சொத்தை முடக்கி உத்தரவு போடும், அதைக் கவனிக்க வருவாய்த் துறை அதிகாரி ஒருவரை நியமிக்கும், சிறப்பு நீதிமன்றம் உறுதி செய்தபின் ஏலம் விட்டுப் பிரித்துத் தருவார்கள். கெட்ட எண்ணத்தோடு வேறொருவர் பெயருக்கு மாற்றியிருந்தால் அதையும் முடக்கலாம். ஆனால் எந்தச் சொத்து எங்கே இருக்கிறது என்று அதிகாரிகளுக்குத் தெரிய வேண்டுமே. கடையில் வேலை பார்த்தவர், வீடு கட்டிய மேஸ்திரி, மாடி வாடகைக்கு இருப்பவர், இவர்களுக்குத்தான் அது தெரியும். கேட்டு எழுதிக் கொடுங்கள்.

எவ்வளவு வரும் என்பதில் ஏமாற வேண்டாம். உங்கள் தெருப் பணம் 4,08,000 ரூபாய். ஒரு பேச்சுக்கு, எல்லா ஏரியாவும் சேர்த்து 8 கோடி பாக்கி, முடக்கிய சொத்து 2 கோடிக்குத்தான் ஏலம் போகிறது என்றால், ரூபாய்க்கு 25 பைசா. ஒரு சீட்டுக் கார்டுக்கு 12,000 போட்டவருக்கு 3,000. அதுவும் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும். அதனால் 34 பேரும் தனித்தனியாக, அவரவர் ரசீது நகலோடு, அசோக் நகரில் இருக்கும் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். "புகார் கொடுத்தா ஒத்தப் பைசா வராது" என்று அவர் ஆள் வந்து சொல்வார். அது அவருக்கு நாள் வாங்கும் வழி. பாதிப் பணத்தைக் காட்டி அசல் கார்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். மோசடிப் பிரிவில் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ள இடம் உண்டு, கொள்ளை வழக்கில் அது கிடையாது. இதுவும் நீங்கள் கேட்ட பாகுபாட்டில் ஒன்று. சமரசம் என்றால் முழுப் பணமும் கைக்கு வந்தபின் நீதிமன்றத்தில் நடக்கட்டும், டீக்கடையில் வேண்டாம்.

உங்கள் கமிஷன் விஷயம் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்குகளில் ஏஜென்ட்களையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மறைக்காதீர்கள். வசூல் நோட்டை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஜெராக்ஸ் எடுங்கள். வாங்கிய கமிஷன், உங்கள் சொந்தக் கார்டுக்குக் கட்டிய பணம், அவருக்கு அனுப்பிய ஜிபே விவரம், "இந்த வாரம் தருகிறேன்" என்று அவர் அனுப்பிய குரல் செய்தி, எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதி, ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு, மற்றவர்களுக்கு முன்னால் நீங்களே போய்க் கொடுங்கள். முதலில் தானாக வந்து சொன்னவரை சாட்சியாகப் பார்க்க வாய்ப்பு அதிகம். அசல் நோட்டைக் கேட்டு வாங்கினால் ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள்.

பையனின் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். குண்டாஸ் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். தட்டச்சில் பழைய உத்தரவையே திரும்ப அடித்ததுபோல் இருந்த பல உத்தரவுகள் அங்கே ரத்தாகியிருக்கின்றன. காசு வேண்டாம், உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். குண்டாஸ் உத்தரவின் நகலோடு, பையனிடம் கொடுத்த ஆவணக் கட்டு முழுவதையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அதில் படிக்க முடியாத பக்கம் இருந்தாலும், தமிழில் தராத பக்கம் இருந்தாலும், வக்கீல் முதலில் பார்ப்பது அதைத்தான். ஐந்து மாதம் போய்விட்டது, இந்த வாரமே போகட்டும்.