ஐந்து கோன் இருந்தால் அது என்ன மெஷின்?

கேள்வி: நாலு பேரை வைத்து ஈரோட்டில் பனியன் துணியில் டீ-ஷர்ட் தைக்கிறோம். பழைய மெஷின் விற்பவர் ஒருவர் போட்டோ அனுப்பி, "அஞ்சு நூல் ஓவர்லாக்" என்கிறார். ஸ்டாண்டில் ஐந்து கோன் தெரிகிறது. ஆனால் பிளாட்லாக்கிலும் ஐந்து கோன் பார்த்திருக்கிறேன். இது எது, வாங்கலாமா?

பதில்: கோனை எண்ணுவதை விட்டுவிட்டு ஊசிப் பக்கம் பாருங்கள். மூன்று ஊசி பிளாட்லாக்கில் ஊசிகளுக்கு மூன்று நூல், கீழ் லூப்பருக்கு ஒன்று, மேலே விரவும் நூல் ஒன்று என ஐந்து வரும். ஐந்து நூல் ஓவர்லாக்கில் ஊசி இரண்டுதான், மீதி மூன்று நூலும் லூப்பர்களுக்கு. ஓவர்லாக்கில் ஊசிக்கு வலப்பக்கம் துணி ஓரத்தை வெட்டும் கத்தி இருக்கும். கீழ்மடிப்பு தைக்கும் சாதாரண பிளாட்லாக்கில் அது கிடையாது.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு ஊசி, வலப்பக்கம் கத்தி. ஓவர்லாக்தான், சந்தேகமில்லை. முகப்பில் ஜூகியின் MO-671 வரை தெளிவாக இருக்கிறது, கடைசி எண் மங்கல். இந்த வரிசையில் MO-6714 என்றால் நாலு நூல், MO-6716 என்றால் ஐந்து நூல். ஊசிகளும் ஒட்டினாற்போல இல்லை, நடுவில் நல்ல இடைவெளி தெரிகிறது. நாலு நூல் மெஷினில் அந்த இடைவெளி பொதுவாக 2 மி.மீ. அளவுதான். ஆக, விற்பவர் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில். ஐந்து நூல் மெஷின் ஒரே ஓட்டத்தில் இரண்டு தனித்தனித் தையல் போடுகிறது: ஓரத்தில் மூன்று நூல் ஓவர்லாக், அதற்கு உள்ளே ஒரு செயின் தையல். சட்டை, பேன்ட் போன்ற நெய்த துணிக்கு அது அருமை. பனியன் துணியை இழுத்தால், செயின் தையல் கூடவே போதுமான அளவு நீளாது. தோள், அக்குளில் நூல் அறுந்து வரும். நாலு நூலில் இரண்டு ஊசி நூலும் ஒரே ஓவர்லாக்குக்குள் பிணைவதால் தையல் துணியோடு சேர்ந்து நீளும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

"செயின் ஊசியைக் கழற்றிவிட்டால் போச்சு" என்பார்கள். கழற்றினால் மூன்று நூல் மெஷின் கிடைக்கும், நாலு நூல் கிடைக்காது. அந்த ஊசி தன் சொந்த லூப்பரோடு மட்டும் வேலை செய்கிறது, ஓவர்லாக் லூப்பர்களைத் தொடுவதே இல்லை.

அப்புறம், எந்த மெஷினுக்கும் அட்வான்ஸ் தருமுன் இரண்டு படம் கேளுங்கள்: துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி ஊசிப் பக்கம் நெருக்கமாக ஒன்று, உங்கள் துணியிலேயே தைத்த துண்டின் இரு பக்கமும் தெரிய ஒன்று. துண்டின் ஓரத் தையலுக்கு உள்ளே தனியாக ஒரு கோடு ஓடினால் ஐந்து நூல்.