சுண்டல், பொரியல், துவையல்: உணவுப் பெயர்களுக்குள் இருக்கும் வினைகள் (கேள்வி பதில்)

சென்னை வாசகி: கடற்கரையில் சுண்டு என்ற சிறிய அளவையால் அளந்து விற்றதால்தான் சுண்டல் என்று பெயர் வந்ததா?

சுண்டு என்ற அளவை உண்டு, அதுவரை சரி. ஆனால் இந்தப் பெயருக்குள் இருப்பது அளவை அல்ல, வினை. ‘பாலைச் சுண்டக் காய்ச்சு’ என்கிறோம், ‘அவன் முகம் சுண்டிப்போயிற்று’ என்கிறோம். நீர் வற்றி, உள்ளது குறுகுவதுதான் சுண்டுதல்.

இன்று குக்கரில் வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிக்கிறோம். அப்போது எதுவும் சுண்டுவதில்லை. பெயர் சொல்கிறபடி செய்து பாருங்கள். ஊறிய கொண்டைக்கடலை வெந்ததும் மூடியைத் திறந்து, உப்புப் போட்டு, மிச்ச நீரோடு சிறுதீயில் விடுங்கள். கொதிக்கும் சத்தம் மெல்ல அடங்கி, கரண்டியால் கிளறும்போது கடலை பாத்திரத்தில் உருளும் ஓசை கேட்கும். அதுதான் சுண்டிய பதம். வெந்த நீரின் சாரமும் உப்பும் கடலையிலேயே தங்கிவிடும். தாளிப்பும் தேங்காயும் அதற்குப் பிறகுதான்.

விரலால் சுண்டுவது வேறு சொல். இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

திருச்சி வாசகர்: தோசை ஊற்றும்போது ஒரு ‘சை’, திருப்பும்போது ஒரு ‘சை’. இரண்டு சை, அதனால் தோசை. சரிதானே?

இல்லை. ‘தோ’ என்றால் இந்தியில் இரண்டு. இந்தியும் ஓசையும் கலந்து தமிழில் ஒரு பலகாரத்துக்குப் பெயர் பிறக்காது. சொல்லை நமக்கு வசதியான இடத்தில் வெட்டிப் பொருள் சொல்வது சொல்லாராய்ச்சி ஆகாது.

யாழ்ப்பாண வாசகர்: ஐயா, எங்களுக்குச் சுண்டல் என்றால் கீரைச் சுண்டல், முருங்கையிலைச் சுண்டல். நீங்கள் சொல்வதை நாங்கள் கடலை என்றே சொல்வோம். எது சரி?

இரண்டும் சரி. பயறோ இலையோ பெயரில் இல்லை, நீர் வற்றுவதுதான் இருக்கிறது. நறுக்கிய இலை தன் ஈரத்திலும் தெளித்த நீரிலும் வெந்து, அது வற்றியதும் தேங்காய்ப்பூ சேர்த்து இறக்குகிறீர்கள். வடித்துக் கொட்டும் எங்கள் கடலையைவிட உங்கள் இலைக்கே அந்தப் பெயர் நன்றாகப் பொருந்துகிறது.

சென்னை வாசகி: ஒப்புக்கொள்ள மாட்டேன். கீரையை அப்படிச் செய்தால் அது பொரியல்!

பொரிதல் என்பது நெல் பொரியாவது, எண்ணெயில் அப்பளம் பொரிவது. நீர் தெளித்து வேகவைத்துத் தாளித்த பீன்ஸில் எது பொரிகிறது? தமிழ்நாட்டில் அந்தச் சொல் தன் வேலையை விட்டு விலகிவிட்டது. இலங்கையில் மீன் பொரியல் என்றால் எண்ணெயில் பொரித்த மீன்தான்.

மதுரை வாசகர்: ‘இட்டு அவி’ என்பதே இட்டலி ஆனது. இதையாவது ஏற்பீர்களா?

இட்டு அவிக்கிறோம் என்பது உண்மை. ஆனால் அவி என்ற வினை உணவுப் பெயரானால் அவியல் என்று வரும். பொரியல், துவையல், சுண்டல் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ‘வி’ எப்படி ‘லி’ ஆயிற்று என்பதற்குச் சான்று வேண்டும். 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையிலேயே ‘இட்டலிகெ’ இருக்கிறது. மூலப்பொருள் இன்னும் முடிவாகாத சொல் இது.

கோவை வாசகி: என் மாமியார் மிக்ஸியில் அரைத்ததைத் துவையல் என்று ஏற்கவே மாட்டார். அம்மி வேண்டுமாம்.

சொல் அவர் பக்கம்தான். துவைத்தல் என்றால் அடித்து நசுக்குவது. துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதும் அதே வினை. அம்மியில் நசுங்கிய துவையலில் பருப்பு நாக்கில் தட்டுப்படும், மிக்ஸியில் அது கூழாகிவிடும்.

சேலம் வாசகர்: பால் சேர்க்காத பருப்புப் பாயசத்தைப் பாயசம் எனலாமா?

வடமொழியில் ‘பயஸ்’ என்றால் பால். அதில் வெந்ததே பாயசம். இன்று சொல் விரிந்துவிட்டது, தாராளமாகச் சொல்லலாம். கேசரியும் அப்படித்தான். பெயரில் குங்குமப்பூ, வாணலியில் வண்ணப்பொடி.

நெல்லை வாசகர்: சாம்பார், சம்பாஜி மன்னர் பெயரால்தானே வந்தது?

இந்தக் கேள்வி இன்று வருவது நான்காவது முறை. தஞ்சாவூர் அரண்மனையில் சம்பாஜிக்காகச் செய்ததால் அந்தப் பெயர் என்ற கதைக்கு ஆவணம் இல்லை. மசாலைப் பொருள்களைக் குறிக்கும் ‘சம்பாரம்’ என்ற சொல் தமிழில் இருக்கிறது. இதற்கு இனி பதில் எழுத மாட்டேன்.

வவுனியா வாசகி: யாழ்ப்பாணத்து அண்ணருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முருங்கையிலையில் செய்வது சுண்டல் இல்லை, வறை.

அருமையான மறுப்பு. வறை, வறு என்ற வினையிலிருந்து வருவது. அதில் நீருக்கு வேலையே இல்லை, ஈரம் போகும்வரை சட்டியில் பிரட்டுவார்கள். ஆகவே இது பெயர்ச் சண்டை அல்ல, உங்கள் இரண்டு வீட்டுச் சட்டியிலும் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. இலையைப் போட்டதும் உங்கள் அம்மா ஒரு கை நீர் தெளிப்பாரா, மாட்டாரா? இருவரும் கேட்டு எழுதுங்கள்.