பேத்தி வரையாமல் போன கை

கேள்வி: எனக்கு வயது 63. கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. வலது உள்ளங்கையில் மோதிர விரலுக்கு நேராக ஒரு நரம்பு தடித்து எழும்பி, அந்த விரலும் சுண்டு விரலும் மடங்கியே இருக்கின்றன. வலி இல்லை. எண்ணெய் போட்டு நீவினால் நரம்பு இளகும் என்கிறார் இங்கே நீவி விடுபவர். வலி இல்லாததால் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பேத்தி என் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவாள். போன வருடம் வரைந்தாள். இந்த வருடம் கை தாளில் படியவில்லை, தாத்தாவுக்கு வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். கோவையில் இருக்கும் மகனிடம் சொல்லவில்லை, அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்தப் பென்சில் கோடுதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி. உள்ளங்கையையும் ஐந்து விரல்களையும் ஒரே சமயத்தில் மேசைமேல் படியவைக்க முடிகிறதா என்பதைத்தான், இப்படி விரல் மடங்கும் டுப்யூட்ரன் நோயோடு வருபவரிடம் கை மருத்துவர்கள் முதலில் பார்ப்பார்கள். படிந்தால் பெரும்பாலும் காத்திருக்கலாம். படியாமல் விரலுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், கை அறுவை தெரிந்த மருத்துவரிடம் காட்டும் காலம் வந்துவிட்டது என்று பொருள். அந்தச் சோதனையை உங்கள் பேத்தி வருடம் தவறாமல் செய்திருக்கிறாள். இந்த நோய் பலருக்குப் பல ஆண்டுகள் ஒரே நிலையில் கிடக்கும். உங்களுக்கோ ஒரு கோடைக்கும் அடுத்த கோடைக்கும் இடையே இரண்டு விரல்கள் தாளை விட்டு எழும்பிவிட்டன. உங்களிடம் இருந்த ஒரே உண்மையான அளவை, இல்லாத வேலையைச் சொல்லி வாசலுக்கு வெளியே அனுப்பியிருக்கிறீர்கள். குழந்தையிடம் சொன்ன பொய் என்பதற்காக மட்டும் நான் கோபிக்கவில்லை. அந்தப் பொய்யை நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்கள் என்பதுதான் என் கோபம்.

உள்ளங்கையில் எழும்பி நிற்பது நரம்பு அல்ல, விரலை மடக்கும் தசைநாணும் அல்ல. உள்ளங்கைத் தோலுக்கு அடியில், பிடிக்கும்போது தோல் நழுவாமல் இருக்க விரித்துவைத்ததுபோல் ஒரு நார்ப்படலம் உண்டு. அது சிலருக்கு முதலில் முடிச்சாகவும் பிறகு கயிறாகவும் தடித்துச் சுருங்கி, விரலை உள்ளங்கைப் பக்கம் இழுத்துக் கட்டிவிடுகிறது. பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் டுப்யூட்ரன், இப்படி விரல் மடங்கியிருந்த ஒரு முதியவர் இறந்த பிறகு அவருடைய கையை அறுத்துப் பார்த்தார். தசைநாண் பழுதில்லாமல் இருந்தது. மேலே இருந்த படலத்தை வெட்டியதும் விரல் நிமிர்ந்தது. அந்த அறிவைக்கொண்டு 1831-இல் உயிரோடிருந்த ஒருவருக்கு அவர் அறுவை செய்தார். அதனால்தான் இந்த நோய்க்கு அவர் பெயர். இது ஐரோப்பாவின் வடபகுதியினரிடம் மிகுதி. நம்மிடம் குறைவு, ஆனால் சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதலாகக் காண்கிறோம்.

ஆகவே எண்ணெயைப் பற்றி நான் சொல்ல வேண்டியது சிறிதுதான். தடித்த கயிறு நீவினால் இளகாது. வம்பாக இழுத்து நிமிர்த்தச் சொல்லாதீர்கள். கத்தியாலோ ஊசியாலோ கீறுகிறேன் என்று கை மருத்துவர் அல்லாத யார் சொன்னாலும் கையைக் கொடுக்காதீர்கள். இந்தக் கயிறு வளரும்போது விரலின் உணர்வு நரம்பைச் சுற்றிக்கொண்டு, அதைத் தன்னோடு தோலுக்கு அருகே இழுத்து வந்துவிடுவது உண்டு. மேலோட்டமாகக் கீறினாலே அது அறுந்துபோகலாம்.

இன்னொன்றை இன்றே பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, சுண்டு விரல் நுனியை ஒரு பஞ்சால் தொடச் சொல்லுங்கள். தொடுவது தெரியவில்லை என்றாலோ, இடது கையால் தூக்கினால் விரல் தடையின்றி நிமிர்கிறது என்றாலோ, அது வேறு கதை: முழங்கைப் பக்கம் நரம்பு கெட்டாலும், தொழுநோயிலும் இதே இரண்டு விரல்கள்தான் மடங்கும். அப்படியானால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உணர்வு சரியாக இருந்து, விரலை நிமிர்த்த முயலும்போது உள்ளங்கையில் கயிறு விறைத்து நின்றால், நாம் பேசிக்கொண்டிருக்கும் நோய்தான்.

அடுத்து, ‘வலி இல்லையே’ என்ற பேச்சு. இதை நான் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். இந்த நோயில் வலி பெரும்பாலும் வராது. வலி வரட்டும் என்று காத்திருப்பவர், வராத விருந்தாளிக்காகச் சோற்றை ஆறவிடுகிறார். இங்கே பார்க்க வேண்டியது எந்த மூட்டு மடங்கியிருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற இரண்டையுமே. விரல் உள்ளங்கையோடு சேரும் அடி மூட்டு பொறுமையுள்ள மூட்டு. நெடுநாள் மடங்கிக் கிடந்தாலும் அதன் பக்கத் தசைநார்கள் மடங்கிய நிலையில்தான் நீண்டிருக்கும், எனவே கயிற்றை விடுவித்தால் பெரும்பாலும் நேராகிவிடும். நடு மூட்டு அப்படியல்ல. அது மடங்கிக் கிடக்கக் கிடக்க, மூட்டின் உள்பக்கத்துத் தசைநாரே சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. பிறகு கயிற்றை முழுவதும் எடுத்தாலும் விரல் முழுவதும் வராது.

குன்னூர் பக்கத்திலிருந்து ஒரு தச்சர் என்னிடம் வந்தார். சுண்டு விரலின் நடு மூட்டு நான்கு ஆண்டுகளாக மடங்கிக்கொண்டே போய், செங்கோணத்தில் நின்றது. நகம் உள்ளங்கையில் பதிந்து, அங்கே தோல் எப்போதும் ஈரமாக வெளுத்திருந்தது. உளி பிடிப்பதில் குறையில்லை என்பதால் விட்டுவிட்டாராம். அறுவை செய்து கயிற்றை முழுதாக எடுத்தோம். விரல் பாதி தூரம்தான் நிமிர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்திருந்தால் அந்தக் கைக்கு வேறு முடிவு கிடைத்திருக்கும்.

உங்கள் கையை நீங்களே அளக்கலாம். கையைப் பக்கவாட்டில் பார்த்து, புறங்கையின் நேர்கோட்டைக் கடிகாரத்தின் 12 என்று வையுங்கள். அடி மூட்டிலிருந்து விரல் 1-ஐ நோக்கிச் சாய்ந்தால் 30 பாகை. அடி மூட்டு அந்த அளவை எட்டினால் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவது வழக்கம். நடு மூட்டுக்கு அவ்வளவு தவணை கிடையாது. அது நிமிர மறுக்கத் தொடங்கினாலே காட்டிவிட வேண்டும். முஷ்டி பிடிப்பதுபோல் அடி மூட்டை மட்டும் முழுதாக மடக்கிக்கொண்டு, இடது கையால் நடு மூட்டை நிமிர்த்திப் பாருங்கள். நேராகிவிட்டால் இழுப்பு உள்ளங்கைக் கயிற்றில் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் சற்று நேரம் உண்டு. அப்போதும் நிமிராவிட்டால் அந்த விரலிலேயே சிக்கல் இறங்கிவிட்டது. இந்த மாதமே மலை இறங்குங்கள்.

சிகிச்சை இரண்டு வகை. முதல் வகையில், உள்ளங்கையை மரத்துப்போகச் செய்து, ஊசியின் கூர்முனையால் கயிற்றைத் தோலுக்கு மேலிருந்தே பல இடங்களில் அறுத்து விரலை நிமிர்த்துவார்கள். தையல் இல்லை, சில நாட்களில் பழைய வேலைக்குத் திரும்பலாம். உள்ளங்கைக் கயிற்றுக்கும் அடி மூட்டுக்கும் இது நன்றாகப் பொருந்தும். ஆனால் கயிறு உள்ளேயே இருப்பதால் மறுபடியும் சுருங்கும்: நெதர்லாந்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2012-இல் வெளிவந்த ஆய்வில், ஊசி முறையில் ஐந்தாண்டுக்குள் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் திரும்ப வந்தது, திறந்த அறுவையில் ஐந்தில் ஒருவருக்கு. இரண்டாம் வகையான அந்தத் திறந்த அறுவையில், வளைந்து வளைந்து தோலைக் கீறி, நரம்பையும் ரத்தக் குழாயையும் ஒதுக்கிக் காத்து, நோயுள்ள கயிற்றை மட்டும் எடுப்பார்கள். தையல் பிரிக்க இரண்டு வாரம் ஆகும். அதன் பிறகு பல வாரங்கள் தினமும் விரலை அசைத்துப் பயிற்சி செய்யாவிட்டால், நிமிர்ந்த விரல் இப்போது மடங்க மறுக்கும். நரம்பு காயப்படுவது, புண் ஆற நாளாவது, கை இறுகிப்போவது என்ற ஆபத்துகளும் உண்டு. எனவே, படிகிற கைக்கு யாரும் அவசரப்பட்டுக் கத்தி எடுக்க மாட்டார்கள். உங்கள் கை படியவில்லை.

ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டீர்கள். நடு மூட்டு நேராகிறது என்றால், ஊசி முறையே போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சமாளிப்பது என்று நீங்கள் நினைப்பது, முகம் கழுவும்போது கண்ணில் இடிக்கும் விரலையும், சட்டைப் பைக்குள் நுழையாத கையையும் பழகிக்கொள்வதாக இருந்தால், அதற்கு என் சம்மதம் கிடையாது. கவாத்துக் கத்தியைப் பிடித்து வாழும் கை இது. இன்னும் எத்தனை பருவம் அது உங்களுக்கு வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். போவதற்கு முன் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். உள்ளங்கைப் புண் சர்க்கரை கூடிய உடம்பில் மெதுவாகத்தான் ஆறும், சீழும் பிடிக்கும்.

இனி உங்கள் மகன். வீட்டுக் கடனைக் காட்டி அவனுக்குத் தெரியாமல் வைத்திருப்பதைத் தகப்பனின் தியாகம் என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குக் கடமையைச் செய்யும் வாய்ப்பையே கொடுக்காமல் வைத்திருப்பது அவனை அந்நியனாக்குவதுதான். இது வெறும் பாசத்தின் பேச்சும் அல்ல. கட்டுப் போட்ட வலது கையோடு சோறு பிசைய உங்களால் முடியாது. தினமும் பயிற்சி செய்கிறீர்களா என்று பார்க்க ஒருவர் வீட்டில் வேண்டும். மேலும் இந்த நோய் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. உங்கள் மகன் தன் உள்ளங்கையில் முடிச்சோ தோல் குழியோ தோன்றுகிறதா என்று பார்த்துவர வேண்டியவர். அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது. சொல்லாமல் மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இன்று மாலையே மகனுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பேத்தி வரைந்த பழைய தாள்களை எடுத்து வையுங்கள். கை மருத்துவரிடம் போகும்போது அவை கையோடு இருக்கட்டும். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, படியாத அந்தக் கையையே தாளில் வைத்து, பென்சில் போகிற வரைக்கும் சுற்றி வரையச் சொல்லுங்கள். மூலையில் இன்றைய தேதியை அவளே எழுதட்டும்.