ஐஜிஎம் இல்லையெண்டா டெங்கு இல்லையா?

வணக்கம் அண்ணை, நான் ஏஎல் பயோ படிக்கிறன். போன மாரிக்க தம்பிக்குக் காய்ச்சல், மூண்டாம் நாள் டெங்குப் பிறபொருளெதிரி ரெஸ்ற்றில ஐஜிஎம் நெகற்றிவ், ஐஜிஜி பொசிற்றிவ். பழைய டெங்குதான், பயப்பிடாதேங்கோ எண்டிச்சினம். நாலாம் நாள் காய்ச்சலும் விட்டிட்டுது, அஞ்சாம் நாள் வோர்ட்டில. ஐஜிஎம் தானே முதல்ல வரும் எண்டு படிச்சம்? பிறபொருளெதிரி அஞ்சு வகையெல்லே, மற்ற மூண்டையும் ஏன் பாக்கேல்ல?

பிள்ளை, தம்பி சுகமாயிட்டான் எண்டு நினைக்கிறன், அதால கொஞ்சம் பேசுறன், கோவிக்காதையும்.

ஐஜிஎம் முதல்ல வரும் எண்டது முதல் தரம் டெங்கு வாறவைக்கு. அதுவும் காய்ச்சல் தொடங்கி நாலஞ்சு நாள் போகவேணும், மூண்டாம் நாளில அது இல்லையெண்டா ஒண்டும் அர்த்தமில்லை. ரெண்டாம் தரம் வாறவைக்குக் கதை வேற. முந்தின டெங்குவில பழகின, பிறபொருளெதிரி செய்யிற பி கலங்கள் ஐஜிஜிக்கு மாறி ஏற்கெனவே காத்திருக்கும், வைரஸ் வந்தவுடன அவை ஐஜிஜியைக் கொட்டும், ஐஜிஎம் கொஞ்சமா வரும், சிலருக்குத் தெரியவே தெரியாது. அப்ப அந்த ஐஜிஜி கோடு பழைய டெங்குவாவும் இருக்கலாம், இப்ப நடக்கிற ரெண்டாவது டெங்குவாவும் இருக்கலாம். அந்தக் கடதாசியை மட்டும் வைச்சுப் பிரிக்கேலாது.

எனக்கு இதில ஒரு நாள்பட்ட எரிச்சல் இருக்கு. ரியூசனில Y மாதிரி இருக்கிற பிறபொருளெதிரியின்ர நுனியை மட்டும் கீறிக் காட்டுவினம், வைரஸைப் பிடிக்கிறது அதுதானாம். வகையைத் தீர்மானிக்கிறது வால் எல்லோ! ஐஜிஎம் அஞ்சு சேந்து பத்துக் கையோட நிக்கும், ஒவ்வொரு பிடியும் லேசு, ஆனா எல்லாம் சேந்தா இறுக்கம். ஐஜிஜி தனியாள், அதின்ர வாலை மொனோசைற் எண்ட வெள்ளைக் கலங்கள் பிடிச்சு உள்ளுக்கு இழுக்கும், இழுத்தா கிருமி சாகவேணும். டெங்குவில நாலு இனம் இருக்கு, ஒண்டுக்கு வந்த ஐஜிஜி மற்றதில ஒட்டும், ஆனா வடிவா அடக்காது. அப்பிடி அரைகுறையா ஒட்டினதை வாலால உள்ள இழுத்தா வைரஸ் அந்தக் கலத்துக்குள்ளயே பெருகும், கள்ளனைக் கையைப் பிடிச்சு வீட்டுக்க கூட்டிக்கொண்டு வந்த மாதிரி. ரெண்டாந்தரம் கடுமையாகிறதுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

மற்ற மூண்டோ? ஐஜிஏ எச்சில், குடல், தாய்ப்பாலில காவல் நிக்கிறது. ஐஜிஈ பூச்சிப் புழுவுக்கும் அலர்ஜிக்கும். ஐஜிடி பி கலத்தின்ர மேலில இருக்கும், இரத்தத்தில சரியான குறைவு. உம்மட தம்பியின்ர கேஸுக்கு இதுகள் தேவையில்லை, விடும்.

ஆனா காய்ச்சல் விட்டிட்டுது எண்டு ஏன் பேசாம இருந்தனீங்கள்? எனக்கு அதுதான் கோவம். இரத்தக் குழாயால நீர் கசியிறது அந்த நேரத்திலதான், ஒண்டு ரெண்டு நாள். அப்ப பாக்கிறது ஐஜிஎம்மை இல்லை, எஃப்பிசி எண்ட இரத்தக் கல எண்ணிக்கைச் சோதனையை: பிளேட்லெட் விழ விழ, இரத்தத்தில சிவப்புக் கலங்களின்ர பங்கைக் காட்டுற பிசிவி ஏறுதோ, வயித்து நோ, சத்தி, சலம் குறையிறது இருக்கோ. மாரியில யாழ்ப்பாணத்தில காய்ச்சல் எண்டா எஃப்பிசி ஒருக்கா செய்திட்டு நிப்பாட்டாம டொக்டர் சொல்லுற நேரங்களில திருப்பிச் செய்யவேணும், ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தாத்தான் ஏறுதா இறங்குதா எண்டு தெரியும்.