‘குழந்தைபோலப் பார்ப்போம்’ என்றால் இரவில் எத்தனை பேர்?

கேள்வி: முகநூலில் ஒரு முதியோர் இல்லத்தின் விளம்பரம் பார்த்தேன். தோட்டம் மிக அழகு. இன்றே பணம் அனுப்பினால் கட்டணத்தில் கழிவு உண்டாம். அனுப்பலாமா? (லண்டன், சொந்த ஊர் காரைதீவு)

பதில்: அனுப்ப வேண்டாம். காரைதீவில் உங்களுக்கு ஓர் உறவினர்கூட இல்லையா, போய்ப் பார்த்து வர?

கேள்வி: 22 முதியோர் தங்கும் இல்லம் நடத்துகிறேன். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்காகத் துண்டுப்பிரசுரம் எழுதியுள்ளேன்: ‘தனிமையில் தவிக்கும் உங்கள் பெற்றோரைக் குழந்தைபோலப் பார்ப்போம். 24 மணிநேர மருத்துவப் பராமரிப்பு. படுக்கையில் உள்ளோருக்குத் தனிக் கவனிப்பு. கவலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்.’ சரியாக இருக்கிறதா? (கல்லடி)

பதில்: சரியாக இல்லை. நீங்கள் கேட்டு எழுதியிருப்பதால் முழுவதையும் சொல்கிறேன்.

இந்தப் பிரசுரத்தைப் பிள்ளை மட்டும் வாசிக்கப்போவதில்லை. பெற்றவரும் வாசிப்பார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவரும், கணவர் இறந்த பின் தனியாளாக வயல் செய்து பிள்ளைகளை ஆளாக்கியவரும் ‘தவிக்கும்’, ‘குழந்தை’ என்ற சொற்களைப் பார்த்தால் என்ன நினைப்பார்? குழந்தைக்கு எப்போது சாப்பாடு, எந்த உடுப்பு என்று மற்றவர்கள்தான் முடிவு செய்வார்கள். உங்கள் இல்லத்தில் அப்படித்தான் நடக்கும் என்று நீங்களே அச்சில் ஒப்புக்கொள்கிறீர்கள்.

‘24 மணிநேர மருத்துவப் பராமரிப்பு’ என்ற வரியைக் கண்டால் எனக்கு இன்னும் மனம் கொதிக்கிறது. என் பெரியம்மாவை இதே சொற்களை நம்பித்தான் ஓர் இல்லத்தில் சேர்த்தேன். முற்பணமும் நானே கட்டினேன். ஓர் இரவு அவருக்கு மூச்சுத் திணறல் வந்தபோதுதான் தெரிந்தது: அங்கே மருத்துவம் என்று இருந்தது சுவரில் ஒட்டியிருந்த ஒரு வைத்தியரின் தொலைபேசி இலக்கம். அன்று அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பெரியம்மா பிழைத்தார். சேர்ப்பதற்கு முன்பு, ‘இரவில் விழித்திருப்பவர் யார், அவருக்கு என்ன பயிற்சி’ என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும்.

‘தனிக் கவனிப்பு’ என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் படுத்த படுக்கையாக ஆறு பேர் இருப்பதாக வையுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க அவர்களைச் சுமார் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தோல் உரசிக் கிழியாமல் புரட்ட இருவர் வேண்டும். ஈரத் துணி மாற்றி, குதிகாலையும் இடுப்பெலும்பையும் பார்த்துப் படுக்கவைக்க ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் ஆறு பேருக்கு ஒரு மணிநேரம். ஆகவே ஒவ்வோர் இரண்டு மணிநேரத்திலும் பாதி இதற்கே போய்விடும். அந்த நேரத்தில் மற்றப் பதினாறு பேரில் ஒருவர் மலசலகூடத்துக்கு எழும்பினால் கை கொடுக்க மூன்றாவது ஆள் வேண்டும். இரவில் ஒருவர் மட்டும் இருக்கிற இல்லம் அந்த வரியை அச்சிடவே கூடாது. மூவர் இருந்தால் ‘மூவர்’ என்றே எழுதுங்கள். சூரிச்சில் இருக்கும் மகளுக்கு அந்த ஓர் எண் போதும்.

நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன். உங்களிடம் உண்மையாக உள்ளதற்கு ஏற்ப எண்களையும் நாட்களையும் மாற்றிக்கொள்ளுங்கள்:

*‘எப்போது எழும்புவது, என்ன உடுத்துவது, கோயிலுக்குப் போவதா என்பதை இங்கே தங்குபவரே தீர்மானிப்பார். அவருடைய பணப்பை அவரிடமே இருக்கும். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். இரவில் மூவர் விழித்திருப்பார்கள். ஒருவர் பயிற்சி பெற்ற தாதி. வைத்தியர் செவ்வாய் மாலை வருவார். அவசரமென்றால் முதல் அழைப்பு 1990 அம்புலன்சுக்கு, அடுத்தது உங்களுக்கு. அங்கே எத்தனை மணியாக இருந்தாலும் அழைப்போம். வைத்தியசாலையில் துணைக்கு நிற்க ஆள் அனுப்புவோம். அதற்கான நாட்கூலி மாதக் கட்டணத்தில் சேராது. மருந்தும் பம்பர்ஸும் சேராது. மறதி நோயால் இரவில் வெளியே நடந்துவிடுபவரைப் பாதுகாக்கும் வசதி எங்களிடம் இல்லை. ஞாயிறு மாலை 6 மணிக்கு உங்கள் பெற்றவர் தனியறையிலிருந்து உங்களுடன் பேசலாம். ஊழியர் பக்கத்தில் நிற்கமாட்டார்.’*

கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். ஊழியர் தோளருகே நின்றால் ‘நல்லாத்தான் இருக்கிறேன்’ என்பதைத் தவிர எந்தத் தாயும் வேறு சொல்லமாட்டார். நேரத்தையும் யோசித்தே சொன்னேன்: இங்கே இலங்கையில் மாலை 6 மணி என்றால், குளிர்காலத்தில் சுவிஸில் பகல் 1.30, டொரொண்டோவில் காலை 7.30. இரண்டு இடத்திலும் பிள்ளை விழித்திருப்பார்.

வைத்தியசாலைத் துணை பற்றிய வரியும் அப்படித்தான். வார்டில் கிடப்பவருக்குச் சோறு ஊட்டவும் மருந்து வாங்கவும் ஓர் ஆள் வேண்டும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். கடல் கடந்து இருக்கிறவருக்கு அதுதான் முதல் பயம். ‘வசதி இல்லை’ என்ற வரியால் ஆட்கள் குறைவார்கள் என்று அஞ்ச வேண்டாம். இல்லாததை இல்லையென்று எழுதியவர் உண்டென்று எழுதியதைத்தான் பிள்ளைகள் நம்புவார்கள்.

பிரசுரத்தின் அடியில் பதிவு இலக்கத்தை அச்சிடுங்கள். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து பேருக்கு மேல் தங்கும் இல்லம் பதிவு செய்யப்பட வேண்டும்.

கேள்வி: பிரசுரத்தில் ‘தனி அறை’ என்று போட்டிருந்ததை நம்பி ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினேன். ஒரு மாதமாக அம்மா நால்வரோடு ஓர் அறையில் இருக்கிறார். கேட்டால் ‘அறை காலியாகட்டும்’ என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா? (சூரிச்; சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி)

பதில்: ஆம் மகளே, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பணம் கட்டும்போது அறை காலியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பிரசுரத்தையும் பணம் அனுப்பிய சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அறையைக் கொடுக்க ஒரு திகதி குறித்து, தவறினால் மீதிப் பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் வாதாட வேண்டாம். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பிழையாக நம்பவைத்து விற்பதைத் தடுக்கிறது. அது சேவைகளுக்கும் பொருந்தும். முறைப்பாட்டுக்கு மூன்று மாதக் கெடு உண்டு, உங்களுக்கு ஒரு மாதம் போய்விட்டது. அவர்களின் இலக்கம் 1977. ஊரில் உள்ள உறவினர் ஒருவர் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் பார்க்கட்டும். அதற்கு முன் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: அந்த நால்வரோடு அவர் பழகிவிட்டாரா? அங்கேயே இருக்க விரும்பினால் அறை மாற்றத்தை விட்டு, கட்டண வித்தியாசத்தை மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சோறு ஊட்டும் படத்தை இல்லத்தார் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். சாரம் விலகி, வாயோரம் பருக்கையோடு இருக்கிறார். கேட்டால் ‘அன்பைக் காட்டத்தான்’ என்கிறார்கள். (திருக்கோவில்)

பதில்: இன்றே எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சம்மதித்திருந்தாலும் போதாது. அப்பாவின் சம்மதம் வேண்டும். படம் வேண்டுமென்றால் அவர் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, தானே கதிரையில் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கும் படத்தை எடுக்கட்டும். அதையும் அச்சிடுமுன் அவரிடம் காட்டட்டும்.

கேள்வி: அம்மாவுக்காக ஓர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறோம். பிரசுரத்தை அவரிடம் காட்டினால் மனம் நோகுமோ? (ஆரையம்பதி)

பதில்: காட்டாமல் கொண்டுபோய் விட்டால்தான் நோகும். காலைத் தேநீருக்குப் பிறகு, அவர் கண்ணாடி போட்டிருக்கும் நேரத்தில் கையில் கொடுங்கள். கட்டிலிலிருந்து மலசலகூடம் எத்தனை அடி, இரவில் அங்கே விளக்கு எரியுமா என்றுதான் முதலில் கேட்பார். இன்றே போய் அளந்து வாருங்கள்.