வால்யூம் எண் ஏறுது, சத்தம் மட்டும் வரல: கோளாறு சவுண்ட்பாரிலா, சுவருக்குள்ளா?

கேள்வி: போன வாரம் சவுண்ட்பார் வாங்கினேன். டிவி சுவரில் மாட்டியிருக்கு, சவுண்ட்பார் கீழே யூனிட்டில். இன்டீரியர் வேலை நடந்தப்பவே சுவருக்குள் போட்டு வைத்த எச்டிஎம்ஐ கேபிளில்தான் இணைத்தோம். டிவி ரிமோட்டில் வால்யூம் ஏற்றினால் சவுண்ட்பாரில் எண் ஏறுது, சத்தம் மட்டும் துளிகூட இல்லை. ப்ளூடூத்தில் நல்லா பாடுது. அதே கேபிளை செட்டாப் பாக்ஸில் போட்டால் படம் பளிச்சுன்னு வருது, அதனால் கேபிள் நல்லதுதான், சவுண்ட்பாரை சர்வீஸுக்குக் கொடுங்கன்னு கடைக்காரர் சொல்றார். மாற்றித்தர இன்னும் நாலு நாள்தான் டைம். என்ன செய்யட்டும்?
– வேளச்சேரி வாசகர்

பதில்: இப்போதைக்கு சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் அந்த நாலு நாளும் அங்கேயே கரைந்துவிடும், கடைசியில் "எங்களிடம் நன்றாக ஓடுகிறது" என்று திருப்பித் தருவார்கள். ப்ளூடூத்தில் பாடுகிற சவுண்ட்பாருக்கு ஸ்பீக்கரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ கோளாறு இல்லை. எனக்குச் சந்தேகம் அந்தச் சுவர் கேபிள் மேல்தான். படம் வந்ததால் கேபிள் நல்லது என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை, உங்கள் சிக்கலே மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

எச்டிஎம்ஐ தலையில் 19 பின்கள். படம் போவதற்கென்று தனிக் கம்பிகள் இருக்கின்றன, அவை பாக்ஸிலிருந்து டிவியை நோக்கிப் போகும். வால்யூம் ஏற்று, ஆன் ஆகு என்று டிவியும் சவுண்ட்பாரும் பேசிக்கொள்வது 13-ஆவது பின் வழியாக, அதற்கு சிஇசி என்று பெயர். டிவியிலிருந்து சத்தம் திரும்பி வருவதுதான் ஏஆர்சி, அது வருவது 14-ஆவது பின்னில். 2009-இல் எச்டிஎம்ஐ 1.4 வந்தபோதுதான் அந்தப் பின்னுக்கு இந்த வேலையே கொடுத்தார்கள், அதற்கு முன் அது சும்மா கிடந்தது. விலை குறைந்த சில கேபிள்களில் அந்த ஒரு கம்பியை மட்டும் விட்டிருப்பார்கள், அல்லது சால்டரிங் சரியாக இருக்காது. அப்படிப்பட்ட கேபிளில் படம் வரும், வால்யூம் எண்ணும் ஏறும், சத்தம் மட்டும் வராது. நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே பொருந்துகிறது இல்லையா? ஆனாலும் இதே அறிகுறி ஒரு செட்டிங்கினாலும் வரலாம், தப்பான போர்ட்டினாலும் வரலாம். அதனால் காசு செலவில்லாததை முதலில் பார்த்துவிடுவோம்.

போர்ட்டில் ஆரம்பியுங்கள். டிவியில் மூன்று நாலு எச்டிஎம்ஐ போர்ட் இருந்தாலும் பொதுவாக ஒன்றில்தான் ஏஆர்சி அல்லது அதன் புதிய வடிவமான இஏஆர்சி என்று அச்சிட்டிருக்கும். எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பக்கத்து வீட்டில் இரண்டாவது என்பதால் உங்களுக்கும் இரண்டாவது என்று இல்லை. இங்கே ஒரு பொறி உண்டு: சிஇசி கம்பி டிவியின் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் பொதுவாகப் போவது, எனவே தப்பான போர்ட்டில் செருகியிருந்தாலும் வால்யூம் எண் ஏறக்கூடும். எண் ஏறுவதை வைத்து போர்ட் சரி என்று முடிவு கட்டாதீர்கள், டார்ச் அடித்துப் படித்துப் பாருங்கள். சவுண்ட்பாரில் இரண்டு எச்டிஎம்ஐ இருந்தால் டிவிக்குப் போக வேண்டியது அவுட் என்று போட்டிருப்பது. சத்தம் சவுண்ட்பாருக்கு உள்ளேதானே வருகிறது என்று நினைத்து இன் என்பதில் செருகுகிறவர்கள் நிறையப் பேர். குழப்பும் பெயர்தான், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் செட்டிங். டிவியின் Sound மெனுவில் Sound Output என்பதை `HDMI ARC` என்று மாற்றுங்கள், சில டிவிகளில் Audio System அல்லது Receiver என்று இருக்கும். சிஇசி ஆனில் இருக்க வேண்டும். அதையும் ஆளுக்கொரு பெயரில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்: சாம்சங்கில் `Anynet+`, எல்ஜியில் `SIMPLINK`, சோனியில் `BRAVIA Sync`. உங்களுக்கு எண் ஏறுவதால் அது அநேகமாக ஆனில்தான் இருக்கும். சவுண்ட்பாரின் ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி ஏஆர்சிக்கோ டிவிக்கோ கொண்டுவாருங்கள். ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்டுவிட்டு அதிலேயே விட்டிருந்தால் டிவி சத்தம் வராது.

இப்போது முக்கியமான செட்டிங்: Digital Output Format, அல்லது Digital Sound Output. அதில் `Auto`, `Pass Through`, `PCM` என்று இருக்கும். `PCM` வையுங்கள். டிவி தானே ஒலியைப் பிரித்துச் சாதாரண இரண்டு சேனலாக அனுப்பும், எந்தச் சவுண்ட்பாருக்கும் அது புரியும். மற்ற இரண்டிலும் டால்பி போன்ற ஒலி ஃபார்மட்டுகள் பொட்டலம் பிரிக்காமலே போகலாம், சவுண்ட்பாருக்கு அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாவிட்டால் கம்மென்று இருக்கும். `PCM` வைத்ததும் சத்தம் வந்துவிட்டால் கேபிளும் போர்ட்டும் குற்றமற்றவை, ஃபார்மட்தான் பிரச்சினை, விஷயம் அதோடு முடிந்தது. டிவியிலும் சவுண்ட்பாரிலும் இஏஆர்சி இருந்தால் டிவி மெனுவில் அதை மட்டும் ஆஃப் செய்தும் பாருங்கள். அப்போது இணைப்பு பழைய ஏஆர்சிக்கு இறங்கிவிடும், அதற்குக் கேபிள் அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. அதில் சத்தம் வந்தால் கேபிள் மேல் சந்தேகம் இன்னும் கூடுகிறது.

சோதிக்கும்போது செட்டாப் பாக்ஸை வைத்துச் சோதிக்காதீர்கள். டிவிக்குள்ளேயே இருக்கும் யூடியூபைப் போடுங்கள், அது பெரும்பாலும் சாதாரண ஸ்டீரியோ. யூடியூபில் சத்தம் வந்து சினிமா ஆப்பில் மட்டும் வரவில்லையென்றால் அது ஃபார்மட் தகராறு. இரண்டிலும் இல்லையென்றால் இணைப்பிலேயே கோளாறு.

இதெல்லாம் செய்தும் மௌனம் என்றால் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். ரிமோட்டில் ஆஃப் செய்வது கணக்கில்லை, அது தூக்கம்தான். எச்டிஎம்ஐ கேபிளையும் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு, கேபிளை மாட்டி, முதலில் டிவி, அது முழுதாக வந்தபின் சவுண்ட்பார். எங்கள் வீட்டில் டிவி இன்வர்ட்டர் லைனில், சவுண்ட்பார் நேர் கரண்டில். கரண்ட் போனால் சவுண்ட்பார் மட்டும் செத்துப்போகும், டிவி தன் ஸ்பீக்கருக்கு மாறிக்கொள்ளும், கரண்ட் வந்த பிறகு சில நாள் பழைய இடத்துக்குத் திரும்பவே திரும்பாது. இரண்டையும் ஒரே லைனுக்கு மாற்றிய பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

அடுத்தது ஸ்டூல் சோதனை, உங்களுக்கு விடை தரப்போவது இதுதான். சவுண்ட்பார் பெட்டிக்குள் ஒரு குட்டி எச்டிஎம்ஐ கேபிள் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒன்றரை மீட்டரில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உறையில் ஹை ஸ்பீட் வித் ஈதர்நெட் என்று போட்டிருந்தால் போதும், சில நூறு ரூபாயில் முடியும். தங்க முலாம், 8கே என்று மூவாயிரம் ரூபாய்க்கு எடுத்து நீட்டினால் சிரித்துக்கொண்டே வந்துவிடுங்கள், ஏஆர்சிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு சவுண்ட்பாரை அதன்மேல் வைத்து, சுவர் கேபிளை விட்டுவிட்டு இந்தக் குட்டிக் கேபிளில் நேராக இணையுங்கள். நடுவில் ஸ்பிளிட்டர், ஸ்விட்ச் எதுவும் கூடாது, பெரும்பாலானவை ஏஆர்சியைக் கடத்தாது. `PCM` அப்படியே இருக்கட்டும்.

சத்தம் வந்தால் சவுண்ட்பாரும் நல்லது, டிவியும் நல்லது, குற்றவாளி சுவருக்குள். இன்டீரியர்காரர்கள் நீளமாகப் போடும்போது சில சமயம் ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள் போட்டிருப்பார்கள், அதன் தலைகளில் சோர்ஸ், டிஸ்ப்ளே என்று திசை எழுதியிருக்கும். படம் ஒரு திசையில் போக மட்டுமே செய்த ஃபைபர் கேபிளில் சத்தம் திரும்பி வர வழியே இல்லை. வாங்கும்போதே ஏஆர்சி உண்டு என்று அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

ஸ்டூலிலும் மௌனம் என்றால் சவுண்ட்பாரைத் தூக்கிக்கொண்டு, ஏஆர்சி உள்ள டிவி வைத்திருக்கும் பக்கத்து ஃபிளாட்டுக்குப் போங்கள். அங்கே பாடினால் கோளாறு உங்கள் டிவியில்: முதலில் டிவியின் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுப் பாருங்கள், அதற்கும் அசையாவிட்டால் அந்த போர்ட்டையோ போர்டையோ பார்க்க டிவி கம்பெனி ஆளை வரச் சொல்லுங்கள். அங்கேயும் பாடவில்லை என்றால் சவுண்ட்பாரின் எச்டிஎம்ஐ பக்கம்தான் பழுது, தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

அப்படிக் கேட்கும் நிலை வந்தால் வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். டிவிக்காரர் சவுண்ட்பாரைக் கைகாட்டுவார், சவுண்ட்பார்காரர் டிவியைக் கைகாட்டுவார். அதனால் ஸ்டூலில் வைத்து, போர்ட்டும் மெனுவும் தெரிகிற மாதிரி ஒரு நிமிட வீடியோ, பக்கத்து வீட்டு டிவியில் இன்னொன்று எடுத்து வையுங்கள். நாலு நாள் முடிவதற்குள் ஆப்பிலோ மின்னஞ்சலிலோ புகார் போட்டு எண் வாங்கிவிடுங்கள், "ஆள் அனுப்புகிறோம்" என்று போனில் சொன்னால் காத்திருக்கலாம், ஆனால் எண் வாங்கிய பிறகு. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சுவர் கேபிள்தான் கோளாறு என்று தெரிந்தால், பழையதன் வாலில் புதியதைக் கட்டி இழுத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். எச்டிஎம்ஐ தலை அகலம், சுவருக்குள் போட்ட பைப் வழக்கமாக முக்கால் அங்குலம், வளைவில் சிக்கிக்கொண்டால் இரண்டு கேபிளும் போச்சு. பைப் பெரிதாக இருந்தால் ஒழிய அதில் இறங்காதீர்கள். சுவரின் மேலேயே வெள்ளை கேசிங் ஒட்டி உள்ளே புதுக் கேபிளை விடுவது அசிங்கமாகத் தெரியும் என்பார்கள், பெயின்ட் அடித்தால் தெரியாது. இல்லை, பைப்தான் வேண்டும் என்றால் ஒலியை மட்டும் ஒளியாகக் கடத்தும் ஆப்டிக்கல் கேபிள். அதன் தலை சின்னது, வளைவில் மடித்துவிடாமல் மெதுவாக இழுத்தால் போய்விடும். டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் ஆப்டிக்கல் போர்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் ஸ்டீரியோவும் சாதாரண 5.1 டால்பியும் வரும், தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருகிற மாதிரி செய்யும் டால்பி அட்மாஸ் வராது, வால்யூமுக்குப் பெரும்பாலும் சவுண்ட்பார் ரிமோட்டைத்தான் தேட வேண்டியிருக்கும். சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிற வீட்டுக்கு அது போதும். அட்மாஸ் என்று சொல்லித்தான் காசு கொடுத்து வாங்கினீர்கள் என்றால் கேசிங்கையே ஒட்டுங்கள்.